சிதறிய வாட்ஸ்அப் செய்திகளை ஒரே மரியாதையான வேண்டுகோளாகத் திருத்தி எழுதும் முறை

வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன இளையர்கள், தங்கள் வழிகாட்டியிடம் ஆலோசனை கேட்டு எழுதிய செய்திகளைத் திருத்தித் தரும்படி என்னிடம் கொண்டுவருவதுண்டு. அவர்களிடமே திருத்தச் சொன்னால், பெரும்பாலோர் முதலில் 'ஹாய்' என்பதை 'வணக்கம்' ஆக்குகிறார்கள், 'சொல்லுங்க' என்பதைத் 'தெரிவிக்கவும்' ஆக்குகிறார்கள், இறுதியில் ஒரு 'மிக்க நன்றி' சேர்க்கிறார்கள். சொற்கள் மாறிவிடுகின்றன. ஆனால் செய்தியைப் படிப்பவர் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது முன்போலவே தெளிவில்லாமல் இருக்கிறது. ஆகையால் இங்கே நான் தரும் வரிசையில் கேள்வியைக் கண்டுபிடிக்கும் வேலை முதலிலும், மரியாதைச் சொற்களைச் சீர்செய்யும் வேலை பிந்தியும் வருகின்றன. வரிசையை மாற்றினால் அழகான சொற்களில் எழுதப்பட்ட, பதில் சொல்ல முடியாத செய்திதான் கிடைக்கும்.

விளக்கத்துக்கு ஒரே ஒரு செய்தித் தொடரை எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்து, தேசிய சேவையை முடித்து, ஒரு பகுதிமின்கடத்தி ஆலையின் தரச் சோதனைப் பிரிவில் அலுவலக நேரத்தில் வேலை பார்ப்பவர். வழிகாட்டி அதே கல்லூரியில் அவருக்குப் பல ஆண்டுகள் முன்பு படித்தவர். ஷிப்ட் வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரப் பட்டப்படிப்பை முடித்து, இப்போது வேறொரு நிறுவனத்தில் மேலாளராக இருக்கும் பெண்மணி. முன்னாள் மாணவர் சந்திப்பில் அறிமுகமாகிச் சில முறை பேசியிருக்கிறார்கள். இளைஞர் அவரை 'அக்கா' என்றே அழைக்கிறார்.

அனுப்பப்பட்ட செய்திகள் இவை:

> செவ்வாய், இரவு 10.47: அக்கா ஹாய்
>
> 10.48: ஃப்ரீயா இருக்கீங்களா?
>
> 10.52: ஒரு டவுட்டு கேக்கணும்
>
> 11.05: ஆபிஸ்ல ஒரு மேட்டர் ஓடிக்கிட்டு இருக்கு, ரொம்ப குழப்பமா இருக்கு
>
> புதன், பகல் 12.40: அக்கா பாத்தீங்களா?? பிராசஸ் டீம்ல போஸ்ட் தரேன்னு சொல்றாங்க, ஆனா ஷிப்ட்டு. ஆகஸ்ட்ல பார்ட் டைம் டிகிரி வேற ஸ்டார்ட் ஆகுது. மேனேஜர் ஒரே பிரஷர்
>
> 12.43: எடுக்கலாமா வேணாமா? நீங்க என்ன சொல்றீங்களோ அப்படியே செஞ்சுடுறேன்
>
> 12.44: சீக்கிரம் சொல்லுங்க அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, அந்த வழிகாட்டிக்கு இதுவரை அனுப்பிய எல்லாச் செய்திகளும் ஒரே பக்கத்தில், நேரத்தோடு இருக்க வேண்டும் என்பதாகும். கைப்பேசித் திரையில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டு திருத்தினால், எதைச் சொல்லிவிட்டோம், எதைச் சொல்லவே இல்லை என்பது புலப்படாது. மேலே உள்ள தொடரில், கெடு வெள்ளிக்கிழமை என்ற மிக முக்கியமான செய்தி கடைசி வரியில்தான் வருகிறது என்பதை, எல்லாவற்றையும் சேர்த்து வைத்த பிறகே அந்த இளைஞர் கவனித்தார்.

இரண்டாவது தேவை, முடிவோடு தொடர்புள்ள மூல விவரங்கள். இங்கே அவை புதிய வேலையின் ஷிப்ட் அட்டவணை, பட்டப்படிப்பின் வகுப்பு நேரம், நிறுவனம் கொடுத்த கெடு ஆகிய மூன்றுமே. இவற்றை வழிகாட்டிக்கு அனுப்புவதற்காகத் திரட்டவில்லை. நம் கேள்வி என்ன என்பதை நாமே அறிந்துகொள்ளத்தான் திரட்டுகிறோம். நிறுவனத்தின் கடிதத்தையோ உள் அட்டவணையையோ படம் பிடித்து அனுப்பவே கூடாது. வழிகாட்டி அதே துறையில் வேறொரு நிறுவனத்தில் இருக்கும்போது, அப்படி அனுப்புவது அவரையும் சங்கடத்தில் தள்ளும்.

எழுதுவதற்கு வாட்ஸ்அப் பெட்டியைப் பயன்படுத்தாமல், கைப்பேசியின் குறிப்புச் செயலியையோ வெற்றுக் காகிதத்தையோ பயன்படுத்துங்கள். கணினியில் வாட்ஸ்அப் பயன்படுத்துவோர் வரியை உடைக்க Enter விசையைத் தட்டியதும் பாதிச் செய்தி போய்விடுவது வழக்கமாக நடக்கும் விபத்து. அங்கே வரியை உடைக்க Shift + Enter தட்ட வேண்டும்.

## 2. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு பெயர் இடுங்கள்

சேர்த்து வைத்த செய்திகளில் ஒவ்வொரு வாக்கியத்தின் அருகிலும், அது தகவலா, மனநிலையா, கேள்வியா, அல்லது வெறும் கதவு தட்டலா என்று குறியுங்கள். 'ஹாய்', 'ஃப்ரீயா இருக்கீங்களா', 'ஒரு டவுட்டு கேக்கணும்', 'பாத்தீங்களா' ஆகிய நான்கும் கதவு தட்டல்கள். 'குழப்பமா இருக்கு', 'மேனேஜர் ஒரே பிரஷர்' இரண்டும் மனநிலை. தகவல்கள் மூன்று: வேலை வாய்ப்பு, படிப்பு, கெடு. கேள்வி ஒன்றுதான்: எடுக்கலாமா, வேண்டாமா?

இப்படிக் குறிப்பதன் பயன், எதை வெட்ட வேண்டும் என்பது சண்டையில்லாமல் தெரிந்துவிடுகிறது என்பதே. கதவு தட்டல்கள் முழுமையாகப் போக வேண்டும். நேரில் பேசும்போது 'நேரம் இருக்கிறதா' என்று கேட்டுவிட்டுப் பேசுவது பண்பு. எழுத்தில் அதே கேள்வி எதிராளியைக் கட்டிப்போடுகிறது. என்ன விஷயம் என்று தெரியாமல் அவர் 'இருக்கிறேன்' என்றும் சொல்ல முடியாது, 'இல்லை' என்றும் சொல்ல முடியாது. இரவு பத்தே முக்காலுக்கு 'ஃப்ரீயா' என்று வந்த செய்தியைப் பார்க்கும் மூத்தவர், ஏதோ அவசரம் என்றுகூட நினைக்கலாம்.

மேலாளர் நெருக்குகிறார் என்ற வரியும் போக வேண்டும். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வழிகாட்டி அதைப் பற்றி எதுவும் செய்ய இயலாது. சிங்கப்பூரில் ஒரு துறைக்குள் இருப்பவர்கள் ஒருவரையொருவர் ஏதோ ஒரு வகையில் அறிந்திருப்பார்கள் என்பதால், எழுத்தில் பதிந்த குறை எங்கே போய்ச் சேரும் என்றும் சொல்ல முடியாது. குழப்பத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், நேரில் பேசும்போது சொல்லலாம்.

## 3. கேள்வியை அதற்குரியவரிடம் பிரித்துக் கொடுங்கள்

இந்த முறையில் அதிக நேரம் எடுப்பதும், இளையர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவதும் இந்தப் படிதான். 'எடுக்கலாமா வேண்டாமா' என்பது பார்வைக்கு ஒரு கேள்வி. உள்ளே பார்த்தால் வெவ்வேறு ஆட்களிடம் கேட்க வேண்டிய பல கேள்விகள் அதில் சுருண்டு கிடக்கின்றன. அவற்றை விரித்து, ஒவ்வொன்றுக்கும் யாரிடம் பதில் இருக்கிறது என்று எழுத வேண்டும்.

அந்த இளைஞரோடு உட்கார்ந்து விரித்துப் பார்த்தபோது கிடைத்தவை இவை. ஷிப்ட்டை இன்னொருவரோடு மாற்றிக்கொள்ள அனுமதி உண்டா என்பதற்கு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுதான் பதில் சொல்ல முடியும். எந்த வகுப்புகளுக்கு நேரில் வர வேண்டும், எவற்றுக்குக் காணொளிப் பதிவு கிடைக்கும் என்பதற்குப் பல்கலைக்கழகம் பதில் சொல்லும். எத்தனை வகுப்புகள் மோதும் என்பதை இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்து அவரே கண்டுபிடிக்கலாம். எது தனக்கு முக்கியம், வேலையா படிப்பா என்பதை அவர் மட்டுமே தீர்மானிக்க முடியும்.

அட்டவணையை அப்போதே ஒப்பிட்டோம். ஷிப்ட் 12 மணி நேரம், காலை ஏழிலிருந்து மாலை ஏழு அல்லது மாலை ஏழிலிருந்து காலை ஏழு. முதல் வாரம் திங்கள், செவ்வாய் வேலை. புதன், வியாழன் ஓய்வு. வெள்ளி முதல் ஞாயிறு வரை வேலை. அடுத்த வாரம் அப்படியே தலைகீழ். வகுப்புகள் திங்கள், புதன், வியாழன் மாலை ஏழு மணிக்கு. பகல் ஷிப்ட் ஏழு மணிக்குத்தான் முடிகிறது என்பதால் அதுவும் வகுப்போடு மோதுகிறது. முதல் வாரத்தில் திங்கள் வகுப்பும், அடுத்த வாரத்தில் புதன், வியாழன் வகுப்புகளும் தவறும். ஆக, இரண்டு வாரத்தில் ஆறு வகுப்புகளுக்கு மூன்று.

அன்று பிற்பகலில் அவர் இரண்டு தொலைபேசி அழைப்புகள் செய்தார். மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்டால் ஷிப்ட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று மனிதவளப் பிரிவு சொன்னது. விரிவுரைகளுக்குக் காணொளிப் பதிவு கிடைக்கும், ஆனால் ஆய்வுக்கூட வகுப்புகளுக்கு நேரில் வந்தே ஆக வேண்டும் என்று பல்கலைக்கழகம் சொன்னது.

இதன் பிறகு எஞ்சியது ஒரே கேள்வி: ஆய்வுக்கூட நாளில் ஷிப்ட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று விதியில் இருப்பது, நடைமுறையில் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்? இதற்கு எந்த அலுவலகமும் பதில் சொல்லாது. அந்த வாழ்க்கையை வாழ்ந்த ஒருவர்தான் சொல்ல முடியும். அவர்தான் அந்த அக்கா. கேள்வி சரியாகக் கிடைத்துவிட்டதா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. அந்தக் கேள்வியை வேறு எந்த மூத்தவருக்கும் அனுப்ப முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் இன்னும் விரிக்க வேண்டியிருக்கிறது.

## 4. கேட்கும் உதவிக்கு அளவும் கெடுவும் வையுங்கள்

கேள்வி கிடைத்த பிறகு, அதற்கு வழிகாட்டி எவ்வளவு நேரம் செலவிட வேண்டும், எந்த வடிவில் பதில் சொன்னால் போதும், எப்போதுக்குள் தேவை ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். 'ஒரு காப்பி குடிக்கலாமா' என்பது அன்பான அழைப்பாகத் தோன்றினாலும், வேலை நாளில் பயணத்தையும் சேர்த்தால் ஒருவருடைய மாலைப் பொழுதில் பாதி போய்விடும். இந்தக் கேள்விக்கு 15 நிமிடத் தொலைபேசி உரையாடல் போதும். குரல்பதிவில் இரண்டு நிமிடம் சொன்னாலும் போதும்.

கெடுவை எழுதும்போது இரண்டு தேதிகள் தேவை. நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது வெள்ளி மாலை. வழிகாட்டியிடமிருந்து கேட்பது வியாழன் இரவுக்குள். இரண்டுக்கும் இடையில் யோசிக்க ஓர் இரவு இருக்க வேண்டும். உண்மையான கெடுவையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம், அவசரம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் அது நம்முடைய அதட்டலாகத் தோன்றாது என்பதே. 'சீக்கிரம் சொல்லுங்க' என்ற வரி செய்ய முயன்ற வேலையை ஒரு கிழமையும் ஒரு காரணமும் மரியாதை குறையாமல் செய்துவிடும்.

மறுப்பதற்கும் ஒரு வழி விட வேண்டும். 'வேலை அதிகம் என்றால் பரவாயில்லை' என்று எழுதுவதோடு நிறுத்தாமல், அப்படியானால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதையும் ஒரு சொற்றொடரில் சொல்லுங்கள். தான் பதில் சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை தவித்துப் போகும் என்ற எண்ணம் மூத்தவருக்கு ஏற்பட்டால், அது வேண்டுகோளாக இல்லாமல் பாரமாகிவிடுகிறது.

## 5. அழைக்கும் முறையைத் தீர்மானியுங்கள்

இத்தனைக்கும் பிறகுதான் மரியாதைச் சொற்களுக்கு வர வேண்டும். அதிலும் முதலில் முடிவு செய்ய வேண்டியது அவரை எப்படி அழைப்பது என்பது. இதற்கு நான் சொல்லும் விதி எளியது: அவர் ஏற்றுக்கொண்டிருக்கும் அழைப்பையே வைத்துக்கொள்ளுங்கள். நேற்று வரை 'அக்கா' என்று அழைத்தவர் இன்று திடீரென 'மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு' என்று தொடங்கினால், ஏதோ மனத்தாங்கல் என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'அக்கா' என்பதில் குறைவு எதுவும் இல்லை. குறைவு இருந்தது அதைச் சுற்றி இருந்த அரைகுறை வாக்கியங்களில்.

அழைப்பு மாறாமல் இருக்கட்டும், வினைச்சொற்கள் முழுமையாகட்டும். 'இருக்கீங்களா', 'சொல்றீங்களோ' என்பவை 'இருக்கிறீர்களா', 'சொல்கிறீர்களோ' ஆனாலே போதும், 'அக்கா' என்ற அழைப்போடு அவை இயல்பாகப் பொருந்தும். செய்தி முழுவதும் ஒரே நடையில் செல்ல வேண்டும். முதல் பத்தியில் எழுத்து நடையும் மூன்றாம் பத்தியில் 'பேசலாமா அக்கா, ப்ளீஸ்' என்பதும் கலந்து வந்தால், மேல்பகுதியை வேறு யாரோ எழுதிக் கொடுத்தது போலிருக்கும்.

ஒருமுறை மட்டுமே சந்தித்த மூத்தவராக இருந்தால், உறவுமுறையை நீங்களாகத் தொடங்க வேண்டாம். 'சார்', 'மேடம்' என்று அழைத்து, எங்கே சந்தித்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்: 'வணக்கம் சார். சென்ற மாதம் முன்னாள் மாணவர் சந்திப்பில் பகுதிநேரப் படிப்பைப் பற்றி உங்களிடம் பேசிய தரச் சோதனைப் பிரிவு ஊழியர் நான்.' பெயரை மட்டும் சொன்னால் பெரும்பாலும் நினைவுக்கு வராது. பேசிய விஷயத்தைச் சொன்னால் வரும். வழிகாட்டி தமிழர் அல்லாதவராக இருந்தால் அலுவலக வழக்கப்படி ஆங்கிலத்தில் பெயர் சொல்லியே எழுதலாம். மற்றப் படிகள் எதுவும் மாறாது.

## 6. ஐந்து பகுதிகளாக எழுதுங்கள்

வரிசை இது: வணக்கம், சூழல், நீங்கள் ஏற்கெனவே செய்தது, கேள்வி, நேரமும் மறுக்கும் வழியும். கேள்விக்கு முன்பே செய்த வேலையைச் சொல்வது தற்பெருமைக்காக அன்று. எதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை என்பதை அது வழிகாட்டிக்குக் காட்டுகிறது. அது இல்லாவிட்டால், 'முதலில் மனிதவளப் பிரிவைக் கேட்டாயா' என்பதே அவருடைய பதிலாக இருக்கும். ஒரு நாள் அதில் போய்விடும்.

ஏற்கெனவே அனுப்பிய ஏழு செய்திகளை என்ன செய்வது என்ற கேள்வி இங்கே எழும். அழிக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் அழித்த இடத்தில் அழித்ததற்கான அடையாளம் நிற்கும். ஏழு அடையாளங்கள் வரிசையாக நின்றால் படிப்பவருக்குக் கவலைதான் கூடும். அனுப்பி 15 நிமிடம் கடந்த செய்தியைத் திருத்தவும் முடியாது. அவற்றை விட்டுவிடச் சொல்லி ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

திருத்தி முடித்த செய்தி இப்படி அமைந்தது:

> வணக்கம் அக்கா. நேற்றிலிருந்து துண்டு துண்டாக அனுப்பிவிட்டேன், மன்னிக்கவும். அவற்றை விட்டுவிட்டு இதை மட்டும் பார்த்தால் போதும்.
>
> என் நிறுவனத்தில் பிராசஸ் குழுவில் சேர வாய்ப்பு வந்திருக்கிறது. 12 மணி நேர ஷிப்ட். ஆகஸ்ட்டில் பகுதிநேரப் பட்டப்படிப்பையும் தொடங்குகிறேன். அட்டவணைகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், இரண்டு வாரத்தில் ஆறு வகுப்புகளுக்கு மூன்று மோதுகின்றன. விரிவுரைகளுக்குக் காணொளிப் பதிவு உண்டு. ஆய்வுக்கூட வகுப்புகளுக்கு நேரில் போக வேண்டும். மேற்பார்வையாளர் சம்மதித்தால் ஷிப்ட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று மனிதவளப் பிரிவில் சொன்னார்கள்.
>
> நீங்கள் ஷிப்ட்டில் இருந்துகொண்டே படித்து முடித்தவர் என்பதால் ஒன்று கேட்க விரும்புகிறேன்: ஆய்வுக்கூட நாள்களில் ஷிப்ட்டை மாற்றிக்கொள்வது உங்களுக்கு நடைமுறையில் எந்த அளவுக்குக் கைகொடுத்தது?
>
> நிறுவனத்துக்கு வெள்ளி மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். வியாழன் இரவுக்குள் 15 நிமிடம் பேச முடிந்தால், உங்களுக்கு வசதியான நேரத்தில் நான் அழைக்கிறேன். குரல்பதிவாகச் சொன்னாலும் போதும். இந்த வாரம் வேலை அதிகமாக இருந்தால் பரவாயில்லை அக்கா, கையில் உள்ள விவரங்களை வைத்து முடிவெடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அனுப்பிய ஏழு துண்டுகளைவிட இது நீளமானது என்பது உண்மையே. சுருக்கம் என்பது எழுத்தின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. படிப்பவர் மறுகேள்வி கேட்காமல் பதில் சொல்ல முடிகிறதா என்பதைப் பொறுத்தது. இதைவிட நீளும்போதுதான் கவலைப்பட வேண்டும். கைப்பேசித் திரையில் கேள்வியைத் தேடிப் போக வேண்டியிருந்தால், இரண்டாம் பத்தியிலிருந்து வெட்டுங்கள்.

## 7. அனுப்பும் முன் வேண்டுகோளின் தொனியைச் சோதியுங்கள்

செய்தியை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, கேட்கும் வினைச்சொற்களில் மட்டும் கவனம் வையுங்கள். 'சொல்லுங்க அக்கா' என்பது அருகில் இருப்பவரிடம் பேசும்போது இனிமையாக ஒலிக்கும். குரலும் முகமும் இல்லாத எழுத்தில் ஏவலாகிவிடும். 'தயைகூர்ந்து தெரிவிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்' என்பது விண்ணப்பக் கடிதத்துக்குரியது. பழகிய வழிகாட்டியிடம் எழுதினால் தள்ளி நிற்பது போலிருக்கும். இரண்டுக்கும் இடையில் 'பேச முடிந்தால்', 'சொன்னால் உதவியாக இருக்கும்', 'கேட்க விரும்புகிறேன்' என்ற வடிவங்கள் இருக்கின்றன. வழிகாட்டிக்கு எழுதும் செய்திக்கு இவையே பொருந்தும், ஏனெனில் முடிவை அவர் கையில் விட்டுவிடுகின்றன.

பணிவு போலத் தோன்றிப் பாரமாகும் வரிகளும் உண்டு. அனுபவம் இல்லாதவர்கள் இவற்றில்தான் அதிகம் இடறுகிறார்கள். 'நீங்கள் சொல்வதை அப்படியே செய்துவிடுகிறேன்' என்பது அவற்றில் முதன்மையானது. பெரியவர் சொல்லைத் தட்டமாட்டேன் என்ற நல்ல எண்ணத்தில்தான் எழுதப்படுகிறது. ஆனால் நாளை அந்த வேலை ஒத்துவராமல் போனால் பொறுப்பு யாருடையது? அந்த வரியைப் படிக்கும் வழிகாட்டிக்கு இது உடனே தோன்றும். பிறகு அவர் தம் அனுபவத்தை மனம் திறந்து சொல்ல மாட்டார். யாருக்கும் பொருந்தும் பொதுவான பதிலைச் சொல்லி நிறுத்திக்கொள்வார். அனுபவத்தைக் கேளுங்கள், தீர்ப்பைக் கேட்காதீர்கள். மேலே உள்ள செய்தியில் 'எடுக்கலாமா' என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

'உங்களை விட்டால் எனக்கு யாரும் இல்லை' என்பதும் இதே வகை. மறுக்கும் வழியை நான்காம் படியில் திறந்துவிட்டு, இந்த ஒரு வரியால் அதை அடைத்துவிடுகிறோம். மன்னிப்பும் ஒருமுறை போதும். மூன்று இடங்களில் 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்று வந்தால், கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் 'தொந்தரவெல்லாம் இல்லை' என்று ஆறுதல் சொல்லும் வேலை அவருக்கு வந்துவிடுகிறது.

## 8. அனுப்பும் நேரமும் காத்திருப்பும்

வேலை நாள்களில் மாலை ஆறரையிலிருந்து ஒன்பது மணிக்குள் அனுப்பலாம். வழிகாட்டியின் வேலை நேரம் தெரிந்திருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்குமேல் எழுதி முடித்தால், கெடு எவ்வளவு நெருங்கியிருந்தாலும் மறுநாள் காலை வரை வைத்திருங்கள். இரவில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டுக் காலையில் பதில் சொல்லலாம் என்று விட்டவர், காலை வேலைப் பரபரப்பில் மறந்துபோவது இயல்பு.

நீல நிறக் குறி விழுந்த பிறகும் பதில் வரவில்லை என்றால், அவர் படித்துவிட்டு யோசிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'பாத்தீங்களா' என்று கேட்காதீர்கள். கெடு இருக்கும் செய்திக்கு ஒரே ஒரு நினைவூட்டல் மட்டும், நீங்கள் குறிப்பிட்ட நாளின் மாலையில் அனுப்பலாம்: 'அக்கா, இன்று பேச நேரம் அமையவில்லை என்றால் பரவாயில்லை. நாளை பிற்பகலில் நிறுவனத்துக்குப் பதில் சொல்லிவிடுவேன்.' இதில் கேள்வி எதுவும் இல்லை என்பதால் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயமும் இல்லை. கெடு இல்லாத செய்தியாக இருந்தால் ஒரு வாரம் பொறுத்து நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் அந்தக் கேள்வியை அவரிடம் விட்டுவிடுங்கள், உறவை விட வேண்டாம்.

பேசும் வாய்ப்புக் கிடைத்தால், சொன்ன நேரத்துக்கு அழைத்து, 15 நிமிடம் ஆனதும் நீங்களே நேரத்தை நினைவுபடுத்துங்கள். அவர் தொடர்ந்து பேச விரும்பினால் தொடரட்டும். இந்த இளைஞருக்கு அன்று கிடைத்த பதில் பயனுள்ளதாக இருந்தது: மாற்றிக்கொள்ள மேற்பார்வையாளர் சம்மதிப்பது கடினமில்லை, ஆனால் மாற்றிக்கொள்ள வரும் சக ஊழியருக்கு நீ பண்டிகை நாள்களிலும் வார இறுதியிலும் பதில் உதவி செய்ய வேண்டியிருக்கும், தீபாவளிக்கு முந்தைய இரவுகூட வேலைக்குப் போகத் தயாரா என்று பார்த்துக்கொள் என்றார் அந்த அக்கா. எந்த அலுவலகமும் தந்திருக்க முடியாத விவரம் இது.

## 9. முடிவைத் தெரிவிக்கும் செய்தி

பலர் நன்றி சொல்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். தாம் சொன்னது எதற்குப் பயன்பட்டது என்பது வழிகாட்டிக்குத் தெரிவதே இல்லை. அடுத்த முறை கேட்கும்போது அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. முடிவெடுத்த அன்றே, இரண்டு மூன்று வாக்கியங்களில் முடிவையும் அவருடைய சொல் அதில் எங்கே பயன்பட்டது என்பதையும் எழுதுங்கள். முடிவு அவர் விரும்பியதற்கு மாறாக இருந்தாலும் எழுத வேண்டும். அவர் அனுபவத்தைத்தான் பகிர்ந்தார் என்பதால் அதில் சங்கடப்பட எதுவும் இல்லை. புதிய கேள்வி எதையும் இந்தச் செய்தியில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் நன்றி சொன்னதே அடுத்த உதவிக்காக என்று ஆகிவிடும்.

> வணக்கம் அக்கா. பிராசஸ் குழுவில் சேரச் சம்மதித்துவிட்டேன். ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் சக ஊழியருக்கு வார இறுதியில் பதில் உதவி செய்ய வேண்டியிருக்கும் என்று நீங்கள் சொன்னதால், முதல் பருவத்தில் ஆய்வுக்கூடப் பாடம் ஒன்றை மட்டும் எடுக்க முடிவு செய்திருக்கிறேன். நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி.